ஒரே ஆல்கைன், இரண்டு கார்போனைல்கள்: நீரேற்றமும் ஹைட்ரோபோரோனேற்றமும் படிப்படியாக

1-ஹெக்சைனை எடுத்துக்கொள்வோம். ஆறு கார்பன் சங்கிலி, அதன் ஒரு முனையில் முப்பிணைப்பு. இதை நீர்த்த கந்தக அமிலத்திலும் மெர்குரிக் சல்ஃபேட்டிலும் வைத்துச் சூடாக்கினால் 2-ஹெக்சனோன் என்ற கீட்டோன் வரும். இதையே டைசயாமைல்போரேனுடன் வினைபுரிய வைத்து, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடால் ஆக்ஸிஜனேற்றினால் ஹெக்சனால் என்ற ஆல்டிஹைடு வரும். இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றுதான், C6H12O. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு வழியிலும் ஆல்கைனுடன் ஒரு நீர் மூலக்கூறுதான் சேர்ந்திருக்கிறது.

```
CH3CH2CH2CH2-C≡CH  --(HgSO4, H2SO4, H2O)-->       CH3CH2CH2CH2-CO-CH3
CH3CH2CH2CH2-C≡CH  --(1. Sia2BH  2. H2O2, OH-)--> CH3CH2CH2CH2-CH2-CHO
```

மாணவர்கள் பலர் இதை "மெர்குரி என்றால் கீட்டோன், போரான் என்றால் ஆல்டிஹைடு" என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். 1-ஹெக்சைன் வரைக்கும் அது சரிதான். 2-ஹெக்சைனைக் கொடுத்தால் அந்த வாய்பாடு உதவாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஆக்ஸிஜன் எந்தக் கார்பனில் போய் உட்காருகிறது? அதற்கு விடை தெரிந்தால் மீதி தானாக வரும். இரண்டு வழியிலும் முதலில் கிடைப்பது ஈனால். ஈனால் கார்போனைலாக மாறும்போது ஆக்ஸிஜன் இடம் மாறுவதில்லை. ஆக, கீட்டோனா ஆல்டிஹைடா என்பது ஈனால் உருவாகும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதலில் ஈனால்

இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன் மீது நேரடியாக OH தொகுதி இருந்தால் அது ஈனால். இது தன் OH-இல் உள்ள ஹைட்ரஜனை விட்டுவிட்டு, பக்கத்துக் கார்பனில் ஒரு ஹைட்ரஜனை ஏற்று, C=O ஆகிவிடும். இதுதான் கீட்டோ-ஈனால் இயங்குச் சமநிலை மாற்றியம். இதை உடனிசைவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உடனிசைவு அமைப்புகளில் எலக்ட்ரான்களை மட்டும்தான் இடம் மாற்றி வரைகிறோம், அணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இங்கே ஒரு புரோட்டான் உண்மையாகவே ஓரிடத்தை விட்டு வேறிடத்துக்குப் போகிறது. ஈனாலும் கீட்டோனும் தனித்தனிச் சேர்மங்கள். அதனால் இரண்டுக்கும் நடுவே சமநிலை அம்புகளைத்தான் போட வேண்டும், இருமுனை அம்பு போட்டால் தவறு.

சாதாரண கீட்டோன்களில் இந்தச் சமநிலை ஏறக்குறைய முழுவதும் கீட்டோ பக்கமே சாய்ந்திருக்கும். C=O பிணைப்பு அவ்வளவு வலுவானது. அசிட்டோனில் ஈனால் வடிவத்தின் பங்கு பத்துக் கோடியில் ஒன்றைக்கூட எட்டாது. அதனால்தான் இந்த வினைகளில் ஈனாலைக் குடுவையிலிருந்து பிரித்தெடுக்க முயல்வதில்லை.

மாற்றம் நடக்கும் வரிசை, ஊடகத்தைப் பொறுத்து மாறும். அமிலத்தில் முதலில் இரட்டைப் பிணைப்பின் மறுமுனைக் கார்பன் ஒரு புரோட்டானை ஏற்கும். பிறகு OH தன் புரோட்டானை இழக்கும். காரத்தில் இது தலைகீழ்: முதலில் OH-இன் புரோட்டான் போய் ஈனோலேட் உருவாகும், அப்புறம் கார்பன் நீரிடமிருந்து புரோட்டானை ஏற்கும். விடைத்தாளில் வழிமுறை எழுதும்போது அடிக்கடி மதிப்பெண் போவது இங்கேதான். மெர்குரி வழி அமிலத்தில் நடப்பதால் அங்கே ஈனோலேட் எழுதக் கூடாது. போரான் வழியின் இரண்டாம் கட்டம் காரத்தில் நடப்பதால் அங்கே H3O+ எழுதக் கூடாது.

மெர்குரி வழி: ஆக்ஸிஜன் உட்பக்கக் கார்பனில்

இந்த வினையை 1881-இல் ரஷ்ய வேதியியலாளர் மிகயீல் குச்செரோவ் வெளியிட்டார். மெர்குரி உப்பு இல்லாமல் வெறும் நீர்த்த அமிலத்தில் 1-ஹெக்சைன் மிக மெதுவாகத்தான் வினைபுரியும். முப்பிணைப்பில் புரோட்டான் சேர்ந்தால் வினைல் நேரயனி உருவாக வேண்டும். நேர்மின்சுமை ஏற்றும் கார்பனுக்கு இரண்டே துணைகள் என்பதால் அது நிலைப்புத்தன்மை குறைந்தது. மெர்குரி(II) அயனி இந்தத் தடையைக் குறைக்கிறது. அது முப்பிணைப்பின் π எலக்ட்ரான்களைப் பற்றிக்கொண்டு ஓர் அணைவாக நிற்கும். அந்த அணைவில் நேர்மின்சுமை இரண்டு கார்பன்களிலும் சமமாக இருப்பதில்லை. பியூட்டைல் தொகுதியைத் தாங்கிய உட்பக்கக் கார்பன் அதைச் சற்று நன்றாகத் தாங்கும். கருக்கவர் பொருளான நீர் அந்தக் கார்பனைத்தான் தாக்கும். மார்கோனிகாஃப் விதி என்று நாம் சொல்வது இங்கே இதைத்தான்.

நீர் ஒரு புரோட்டானை இழந்ததும், OH உட்பக்கக் கார்பனிலும் மெர்குரி முனைக் கார்பனிலும் உள்ள ஈனால் கிடைக்கும். அமிலத்தில் முனைக் கார்பன் ஒரு புரோட்டானை ஏற்கும், மெர்குரி வெளியேறும், மெர்குரி இல்லாத ஈனால் மிஞ்சும். அது மறுபடி முனைக் கார்பனில் புரோட்டான் ஏற்று CH3 ஆகும், உட்பக்கக் கார்பன் C=O ஆகும். அதுதான் 2-ஹெக்சனோன்.

கவனிக்க வேண்டியது: மெர்குரி(II) தானாகவே வெளியேறுகிறது. ஆல்கீன்களின் ஆக்ஸிமெர்குரியேற்றத்தில் வருவது போல இங்கே சோடியம் போரோஹைட்ரைடு தேவையில்லை. அங்கே பார்த்த பழக்கத்தில் இங்கேயும் NaBH4 எழுதினால் அது பிழை. தேவையில்லை என்பது மட்டுமல்ல, கிடைத்த கீட்டோனையே அது ஆல்கஹாலாக ஒடுக்கிவிடும்.

செய்முறை அளவில் பார்த்தால், 10 மில்லிமோல் 1-ஹெக்சைன் என்பது 0.82 கிராம். மெர்குரிக் சல்ஃபேட் 5 மோல் சதவீதம் போதும், அதாவது சுமார் 0.15 கிராம். ஆல்கைன் நீரில் கரையாது, ஆகவே வெறும் நீரில் போட்டால் இரண்டு அடுக்காகவே நிற்கும். 70 சதவீத மெத்தனால் 15 மில்லிலிட்டர் எடுத்து, அதில் மெர்குரிக் சல்ஃபேட்டையும் சில துளி அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்து, 60 °C-இல் கலக்கிக்கொண்டே ஆல்கைனைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். 1-ஹெக்சைன் சுமார் 71 °C-இல் கொதிக்கும், எனவே குளிர்விப்பான் கட்டாயம். மெத்தனாலும் கருக்கவர் பொருள்தான், அதுவும் சேர்ந்து வினைல் ஈதரும் கீட்டாலும் ஓரளவு உருவாகும். அமிலமும் நீரும் இருப்பதால் அவை நீராற்பகுத்துக் கீட்டோனாகவே முடியும். ஆனால் நீரின் அளவைக் குறைத்துவிட்டால் கீட்டால் அப்படியே தங்கிவிடும்.

குடுவையின் நிறமே சில விஷயங்களைச் சொல்லிவிடும். வெண்மையான மெர்குரிக் சல்ஃபேட் நீரில் பட்டதும் மஞ்சளாகி அடியில் படிந்தால், அது கார மெர்குரிக் சல்ஃபேட்டாக மாறியிருக்கிறது, அமிலம் போதவில்லை. வினை நடக்கும்போது சாம்பல் அல்லது கறுப்புப் படிவு தெரிந்தால் மெர்குரி ஒடுக்கமடைந்து உலோகமாகிக்கொண்டிருக்கிறது, வினையூக்கி செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்தக் கழிவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ நிறுவனம் 1932 முதல் 1968 வரை இதே வினையால் அசிட்டிலீனிலிருந்து அசிட்டால்டிஹைடு தயாரித்தது. உலையில் பக்க வினையாக உருவான மெத்தில்மெர்குரி கழிவுநீரோடு விரிகுடாவில் கலந்து, மீன் வழியாக மக்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. அந்த நோய் 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 0.15 கிராம் மெர்குரி உப்பானாலும் அதைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. நீர் அடுக்கையும் வடிதாளையும் மெர்குரிக் கழிவு என்று எழுதிய தனிப் பாத்திரத்தில்தான் சேர்க்க வேண்டும். இன்று ஆய்வகங்கள் இதே மாற்றத்துக்குத் தங்க அணைவுகளை நாடுவதற்கு இது பெரிய காரணம்.

போரான் வழி: ஆக்ஸிஜன் முனைக் கார்பனில்

போரேன் சேர்க்கைக்காக நோபல் பரிசு பெற்றவர் ஹெர்பர்ட் பிரவுன், 1979-இல், ஜார்ஜ் விட்டிக்கோடு பகிர்ந்துகொண்டார். இந்த வழியில் B–H பிணைப்பு முப்பிணைப்பின் குறுக்கே ஒரே அடியில், ஒரே பக்கத்திலிருந்து சேரும். போரானுக்கு ஒரு காலி p ஆர்பிட்டால் இருப்பதால் எலக்ட்ரான் கவர் பொருள் அதுதான். அது இடநெருக்கடி குறைந்த முனைக் கார்பனில் சேரும், ஹைட்ரஜன் உட்பக்கக் கார்பனுக்குப் போகும். பிறகு பெராக்சைடு வந்து போரான் இருந்த அதே இடத்தில் ஆக்ஸிஜனை வைக்கும். போரான் போன இடம்தான் ஆக்ஸிஜனின் இடம்.

சாதாரண BH3 போதாதா என்ற கேள்வி நியாயமானது. BH3-இல் மூன்று B–H பிணைப்புகள் உண்டு. முதல் சேர்க்கையில் வினைல்போரேன் கிடைத்ததும், மீதமிருக்கும் இரட்டைப் பிணைப்பிலும் இன்னொரு B–H சேர்ந்துவிடும். இரண்டு போரானும் பெரும்பாலும் ஒரே முனைக் கார்பனில் வந்து நிற்கும். அதைக் காரத்தில் ஆக்ஸிஜனேற்றினால் ஆல்டிஹைடுக்குப் பதிலாகப் பெருமளவு 1-ஹெக்சனால் என்ற ஆல்கஹாலே கிடைக்கும். ஆகவே ஒரே ஒரு B–H மட்டும் கொண்ட, உடம்பு பருத்த போரேன் வேண்டும். டைசயாமைல்போரேன் அப்படிப்பட்டது. 2-மெத்தில்-2-பியூட்டீன் இரண்டு மூலக்கூறு, BH3 ஒரு மூலக்கூறு சேர்ந்து அது உருவாகும். மூன்றாவது ஆல்கீன் நெருக்கடி காரணமாக 0 °C-இல் எளிதில் நுழையாது, வினை அங்கேயே நின்றுவிடும். அதன் உடம்பு இரண்டு வேலை செய்கிறது: முனைக் கார்பனையே தேட வைக்கிறது, வினைல்போரேனில் மறுபடி சேர்வதையும் தடுக்கிறது. 9-BBN என்ற இன்னொரு பருத்த போரேனை இங்கே பரிந்துரைக்க மாட்டேன். அது ஆல்கைனோடு நிற்காமல் வினைல்போரேனோடும் விரைவாகச் சேரும், கலவை வரும்.

அதே 10 மில்லிமோல் கணக்கில்: உலர்ந்த குடுவை, நைட்ரஜன் சூழல், டெட்ராஹைட்ரோஃபியூரானில் 1 மோலார் போரேன் கரைசல் 10 மில்லிலிட்டர். பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 1.40 கிராம் 2-மெத்தில்-2-பியூட்டீனை மெதுவாகச் சேர்த்து, 0 °C-இலேயே இரண்டு மணி நேரம் விட வேண்டும். பிறகு 0.82 கிராம் 1-ஹெக்சைனை 10 °C-க்கு மேல் போகாமல் சொட்டுச் சொட்டாக விட்டு, அறை வெப்பநிலைக்கு வரவிட வேண்டும். இங்கே ஈரம் இருந்தால் போரேன் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவாகப் போய்விடும். எதிர்பாராத குமிழிகள் வந்தால் கண்ணாடிப் பாத்திரமோ கரைப்பானோ உலரவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது ஆக்ஸிஜனேற்றம். இங்கே அளவில் ஒரு சறுக்கல் சகஜம். ஆல்கைன் 10 மில்லிமோல் என்பதால் பெராக்சைடும் 10 மில்லிமோல் போதும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு போரானிலும் மூன்று C–B பிணைப்புகள் உள்ளன, ஒன்று நம்முடைய வினைல் தொகுதி, இரண்டு சயாமைல் தொகுதிகள். மூன்றுமே ஆக்ஸிஜனேற்றம் அடையும். 30 மில்லிமோல் வேண்டும், 30 சதவீதப் பெராக்சைடில் அது சுமார் 3.1 மில்லிலிட்டர், கொஞ்சம் கூடுதலாக எடுப்பது நல்லது.

வழிமுறை இப்படி: காரத்தில் உருவாகும் HOO⁻ போரானின் காலி ஆர்பிட்டாலில் சேரும். வினைல் தொகுதி போரானிலிருந்து பக்கத்து ஆக்ஸிஜனுக்குத் தாவும், OH⁻ வெளியேறும். கிடைக்கும் ஈனால் போரேட் எஸ்டர் நீராற்பகுத்து முனைக் கார்பனில் OH உள்ள ஈனாலைக் கொடுக்கும். காரத்தில் ஈனோலேட் வழியாக அது ஹெக்சனாலாகும்.

இந்தக் கட்டத்தில் pH-ஐக் கவனமாகப் பார்க்க வேண்டும். பாடநூலில் NaOH என்று எழுதியிருக்கிறதே என்று மொத்தக் காரத்தையும் ஒரே மூச்சில் ஊற்றினால், கிடைத்த ஆல்டிஹைடு அதே காரத்தில் ஆல்டால் குறுக்கத்துக்குப் போய்விடும். அது காரத்துக்கு மிக எளிதில் வசப்படும். பெராக்சைடையும் நீர்த்த NaOH-ஐயும் சேர்ந்தாற்போல் விட்டு, pH-ஐ 7 முதல் 8-க்குள் வைத்திருப்பதே நல்ல வழி. பாஸ்ஃபேட் தாங்கல் கரைசல் பயன்படுத்தினாலும் சரி. இது வெப்பம் உமிழும் வினை, பனித்தொட்டி பக்கத்திலேயே இருக்கட்டும். முடிந்ததும் மிச்சப் பெராக்சைடைச் சோடியம் சல்ஃபைட்டால் அழித்து, பொட்டாசியம் அயோடைடு-ஸ்டார்ச் தாள் நீலமாகவில்லை என்று பார்த்த பிறகுதான் காய்ச்சி வடிக்கத் தொடங்கலாம்.

எது கிடைத்தது என்று எப்படித் தெரியும்?

கொதிநிலையை நம்பாதீர்கள். 2-ஹெக்சனோன் சுமார் 128 °C, ஹெக்சனால் சுமார் 130 °C. 2,4-டைநைட்ரோஃபினைல்ஹைட்ரசோன் படிகங்களின் உருகுநிலையும் இரண்டுக்கும் மிக நெருக்கம், அதை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

டாலன்ஸ் வினைப்பொருள் ஹெக்சனாலில் வெள்ளி ஆடி தரும், 2-ஹெக்சனோனில் தராது. அயோடோஃபார்ம் சோதனை 2-ஹெக்சனோனில் மஞ்சள் வீழ்படிவு தரும், தூய ஹெக்சனாலில் தராது. தூய என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் போரான் வழியில் இரண்டு சயாமைல் தொகுதிகளும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து 3-மெத்தில்-2-பியூட்டனால் ஆகின்றன. அதுவும் ஒரு பங்கு ஹெக்சனாலுக்கு இரண்டு பங்கு. அந்த ஆல்கஹாலில் CH3–CH(OH) தொகுதி இருப்பதால் அதுவும் அயோடோஃபார்ம் சோதனைக்கு மஞ்சள் வீழ்படிவு தரும். பிரிக்காத கலவையில் சோதனை செய்துவிட்டு "கீட்டோன் வந்துவிட்டது, போரான் தவறான இடத்தில் சேர்ந்திருக்கிறது" என்று முடிவுகட்டினால் அது தவறான முடிவு. இந்த ஆல்கஹால் சுமார் 112 °C-இல் கொதிக்கும், நல்ல பின்னக் காய்ச்சி வடித்தலால் முதலில் இதை நீக்கிவிட வேண்டும். ஹெக்சனாலைக் காற்றில் திறந்து வைத்தால் ஹெக்சனாயிக் அமிலமாகும், அதையும் கவனிக்க வேண்டும்.

என்எம்ஆர் கருவி கையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். புரோட்டான் நிறமாலையில் 9.8 பிபிஎம் அருகே மும்மை வந்தால் CHO. 2.1 பிபிஎம் அருகே மூன்று ஹைட்ரஜன் அளவுள்ள கூர்மையான ஒற்றை வந்தால் CH3–CO.

இடை ஆல்கைன்கள்: இங்கே கவனம்

முப்பிணைப்பு சங்கிலியின் நடுவே இருந்தால் இரண்டு கார்பனிலும் கார்பன் தொகுதிகளே இருக்கும். முனை ஹைட்ரஜன் இல்லாததால் எந்த வழியில் போனாலும் ஆல்டிஹைடு வராது, கீட்டோன்தான். அதேபோல மெர்குரி வழியில் ஆல்டிஹைடு தரும் ஒரே ஆல்கைன் அசிட்டிலீன் மட்டுமே, அங்கே எந்தக் கார்பனில் OH வந்தாலும் அது ஹைட்ரஜனோடுதான் இருக்கும்.

3-ஹெக்சைன் சமச்சீரானது. எந்தப் பக்கம் ஆக்ஸிஜன் போனாலும் 3-ஹெக்சனோன். இங்கே இரண்டு வழியும் ஒரே இடத்தில் முடிகின்றன, போரேனை எடுக்க வேண்டிய அவசியமில்லை. 2-ஹெக்சைனில் ஒரு பக்கம் மெத்தில், மறுபக்கம் புரொப்பைல். மெர்குரி அணைவில் இரண்டு கார்பனும் நேர்மின்சுமையை ஏறக்குறைய ஒரே அளவில் தாங்கும். 2-ஹெக்சனோனும் 3-ஹெக்சனோனும் கலந்து வரும். கேள்வித்தாளில் ஒரே விளைபொருளை எழுதச் சொன்னாலும் இங்கே கலவை என்பதுதான் சரியான விடை. 2-ஹெக்சனோன் வேண்டுமென்றால் 1-ஹெக்சைனிலிருந்து தொடங்குங்கள், 3-ஹெக்சனோன் வேண்டுமென்றால் 3-ஹெக்சைனிலிருந்து. 2-ஹெக்சைன் இரண்டுக்குமே மோசமான தொடக்கம்.

இரண்டு பக்கமும் உண்மையிலேயே வேறுபட்டால்தான் இடை ஆல்கைன் பயனுள்ளதாகும். 1-ஃபினைல்-1-புரொப்பைனில் ஃபினைல் பக்கக் கார்பன் நேர்மின்சுமையை வளையத்தோடு பகிர்ந்துகொள்ளும். ஆகவே அமில நீரேற்றத்தில் ஆக்ஸிஜன் அங்கே போய் புரொப்பியோஃபீனோன் கிடைக்கும். இது மின்னியல் காரணம். 4-மெத்தில்-2-பென்டைனில் ஒரு பக்கம் மெத்தில், மறுபக்கம் ஐசோபுரொப்பைல். அமிலத்துக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பருத்த டைசயாமைல்போரேனுக்கு நன்றாகத் தெரியும். போரான் பெரும்பாலும் மெத்தில் பக்கக் கார்பனில் சேரும், ஆக்ஸிஜனேற்றத்துக்குப் பின் 4-மெத்தில்-2-பென்டனோன் முதன்மை விளைபொருளாகும். இங்கே பாருங்கள், போரான் வழியிலும் கீட்டோன்தான் வந்திருக்கிறது.

புதிய ஆல்கைன் ஒன்று வந்தால் நான் போகும் வரிசை இதுதான். முப்பிணைப்பின் இரண்டு கார்பன்களையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வேன். மெர்குரி வழி என்றால் எது நேர்மின்சுமையை நன்றாகத் தாங்கும் என்று பார்த்து அதில் OH வைப்பேன். போரான் வழி என்றால் எது நெருக்கடி குறைந்தது என்று பார்த்து அதில் OH வைப்பேன். வித்தியாசம் தெரியவில்லை என்றால் இரண்டு ஈனால்களையும் வரைவேன். கடைசியில் OH-ஐ C=O ஆக்கி, மறு கார்பனில் ஒரு ஹைட்ரஜனைக் கூட்டுவேன். C=O கார்பனில் ஹைட்ரஜன் மிஞ்சியிருந்தால் அது ஆல்டிஹைடு, இல்லையென்றால் கீட்டோன்.